கடைசிக் கேள்விக்கு மூன்று வாக்கியங்கள்

"உங்களை ஏன் நாங்கள் வேலைக்கு எடுக்க வேண்டும்?" நேர்முகத் தேர்வின் முடிவில் வரும் இந்தக் கேள்விக்குப் பலரும் "கடினமாக உழைப்பேன், சீக்கிரம் கற்றுக்கொள்வேன்" என்கிறார்கள். எல்லா நிறுவனத்துக்கும் பொருந்தும் பதில், எவர் மனதிலும் நிற்பதில்லை.

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்துக்கு மெர்ச்சண்டைசர் வேலைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே பெரிய தலைவலி தாமதம். துணியின் நிறம் பிசகினால் மறுபடி சாயமிட வேண்டும், கப்பல் தவறிவிடும். விமானத்தில் அனுப்பினால் கட்டணமே லாபத்தைத் தின்றுவிடும். விளம்பரத்தில் முதலில் வரும் பொறுப்பும், உங்களிடம் துருவித் துருவிக் கேட்ட விஷயமும் இந்தத் தேவையைக் காட்டிக்கொடுக்கும்.

பதில் இப்படி அமையலாம்: "டெலிவரி தேதி தவறக் கூடாது என்பதுதான் உங்கள் முதல் தேவை என்று புரிந்துகொண்டேன். முந்தைய வேலையில், நிற மாதிரிக்கு வாடிக்கையாளரின் ஒப்புதலை முதல் வாரத்திலேயே வாங்கத் தொடங்கியதால், நான் பார்த்த 12 ஆர்டர்களில் 11 குறித்த கப்பலில் போயின. இங்கேயும் நிலுவையில் உள்ள ஒப்புதல்களைப் பட்டியலிடுவதுதான் என் முதல் வேலை."

முதலில் அவர்கள் தேவை, பிறகு உங்கள் சான்று, கடைசியில் செய்யப்போகும் காரியம். அத்துடன் நிறுத்துங்கள்.

எண் உங்களுடையதாக, உண்மையாக இருக்கட்டும். "அந்த ஒரு ஆர்டர் ஏன் தவறியது?" என்று அடுத்து கேட்பார்கள். அதற்கும் பதில் தெரிந்தவருக்கே வேலை.