‘தவறு’ என்று சொல்ல எடுத்த நேரம்

2009இல் கூகுளின் கீசார் என்னும் குறியாக்க நூலகத்தில் நேட் லாசன் ஒரு ஓட்டையைக் கண்டார். கணிதத்தில் பிழையில்லை, செய்தியுடன் வந்த எச்மேக் முத்திரையைச் சரிபார்த்த விதத்தில்தான் பிழை. அதன் சாரம் இதுதான்:

```
for i in range(20):
    if a[i] != b[i]:
        return False
return True
```

முதல் பைட்டே தவறென்றால் சோதனை உடனே நின்றுவிடும். அது சரியாக இருந்தால் இன்னொரு சுற்று ஓடும். பதில் இம்மி தாமதமாகும். தாக்குபவர் தன் போலிச் செய்தியை மாற்றாமல், முத்திரையின் முதல் பைட்டுக்கு 256 மதிப்புகளையும் அனுப்பிப் பார்க்கிறார். அதிக நேரம் எடுத்ததே சரியானது. பிறகு அடுத்த பைட். 20 பைட்டுக்கும் சேர்த்து அதிகபட்சம் 5,120 ஊகங்கள் போதும். நேரம் கசியாவிட்டால் 2¹⁶⁰ தேவைப்பட்டிருக்கும். சாவி கடைசிவரை தெரியாமலே முத்திரை தயார்!

நடைமுறையில் இது அவ்வளவு எளிதல்ல. ஒரு சுற்றின் வித்தியாசம் நானோ வினாடிகளில்தான்; வலைப்பின்னலின் தாமதமோ அதைவிடப் பல மடங்கு ஏறி இறங்கும். அதனால் ஒவ்வொரு ஊகத்தையும் ஆயிரக்கணக்கில் திரும்ப அனுப்பிப் புள்ளியியல் முறையில் பிரித்தெடுக்க வேண்டும்.

சிலர் பதிலுக்கு முன் தற்செயலான தாமதத்தைச் சேர்க்கிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன்: சராசரி எடுத்தால் அந்த இரைச்சல் அடங்கிவிடும். எங்கே பிசகினாலும் கடைசி பைட்வரை ஒப்பிட்டு, வேறுபாடுகளைச் சேர்த்துவைத்து, இறுதியில் ஒரே முறை முடிவு சொல்வதே சரி. பைத்தானில் `hmac.compare_digest(a, b)` இதற்காகவே இருக்கிறது. நீளங்கள் வேறுபட்டால் அந்த விவரம் இதிலும் கசியலாம். ஆனால் முத்திரையின் நீளம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.