முதலில் பேச்சு, அன்றிரவே மின்னஞ்சல்

பாரிஸ் உணவகங்களின் சமையலறைகளில் ஈழத் தமிழர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். பாத்திரம் கழுவுவதில் தொடங்கி, அடுப்படிக்கு நகர்ந்து, இன்று ஒரு சமையலறையையே பொறுப்பாக நடத்துகிறவர்களும் உண்டு. அவர்களிடையே அடிக்கடி எழும் சிக்கல் ஒன்று: ஒப்பந்தத்தில் வாரத்துக்கு 35 மணி நேரம், உண்மையில் நிற்பது 41 மணி நேரம், மாத முடிவில் சம்பளச் சீட்டில் மறுபடியும் அதே 35. மீதி ஆறு மணி நேரத்துக்கான பணத்தை முதலாளியிடம் எதில் கேட்பது? போனிலா, வாட்ஸ்அப்பிலா, மின்னஞ்சலிலா?

பலர் கையில் இருப்பதை எடுக்கிறார்கள், அதாவது வாட்ஸ்அப்பை. இரவு வேலை முடிந்து கடைசி மெட்ரோவில் உட்கார்ந்துகொண்டு, சமையலறைக் குழுவிலேயே ‘என் ஓவர்டைம் காசு எங்கே?’ என்று தட்டிவிடுகிறார்கள். எட்டுப் பேர் பார்க்கும் இடத்தில் கேட்கப்பட்ட முதலாளிக்குப் பதில் சொல்வதைவிடத் தன் மரியாதையைக் காப்பதே அப்போது முக்கியமாகிவிடும். வேறு சிலர் யாரோ சொல்லிக் கொடுத்தபடி எடுத்த எடுப்பிலேயே சட்டப் பிரிவுகளோடு ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். நேரில் ஒரு வார்த்தை பேசாமல் வரும் அப்படியொரு கடிதம் பிரான்சில் சண்டைக்கான அறிவிப்பாகவே படிக்கப்படும். பதில் முதலாளியிடமிருந்து வராது, அவருடைய வக்கீலிடமிருந்து வரும்.

என் கருத்தில் இந்த மூன்றுக்கும் ஒரு வரிசை இருக்கிறது. கேட்பது வாயால். உறுதி செய்வது அன்றிரவே மின்னஞ்சலில். வாட்ஸ்அப் கேட்பதற்கான இடமே அல்ல, அது சான்றுகள் கிடக்கும் இடம்.

வாட்ஸ்அப்பிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் முதல் வேலை அங்கேதான். ‘நாளைக்கு 9 மணிக்கே வா’, ‘இன்றைக்கு மூடும்வரை நில்’, ஞாயிறு இரவு போடப்படும் வேலை அட்டவணையின் போட்டோ, எல்லாம் அந்தக் குழுவில்தான் இருக்கும். பிரான்சின் உச்ச நீதிமன்றம் 2007 மே மாதத்திலேயே குறுஞ்செய்திகளைச் சான்றாக ஏற்றது: அனுப்புகிறவருக்கு, அது பெறுபவரின் போனில் பதிவாகும் என்பது தெரியும், ஆகவே அதைக் காட்டுவதில் சூழ்ச்சி எதுவும் இல்லை என்று அது சொன்னது. எனவே பேசப் போகும் முன்பே அந்த உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து, வேலை கொடுத்தவருக்குச் சொந்தமில்லாத ஒரு மின்னஞ்சல் பெட்டியில் போட்டு வைக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் தேதியும் அனுப்பியவரின் எண்ணும் தெரியும்படி எடுக்க வேண்டும். ‘செஃப்’ என்று நாம் சேமித்து வைத்திருக்கும் பெயர் மட்டும் தெரிந்தால், அது யார் என்று பிறகு வாதாட வேண்டியிருக்கும்.

அடுத்தது கணக்கு. உணவகங்களுக்கான கூட்டு ஒப்பந்தத்தில் 36-ஆவது மணியிலிருந்து 39-ஆவது மணிவரை 10 சதவீதமும், 40 முதல் 43 வரை 20 சதவீதமும், அதற்கு மேல் 50 சதவீதமும் கூடுதலாகத் தர வேண்டும். பிடித்தங்களுக்கு முன் மணிக்கு 13 யூரோ வாங்கும் ஒரு சமையல் உதவியாளரை எடுத்துக்கொள்வோம். முதல் நான்கு மணி நேரம் 14.30 வீதம் 57.20 யூரோ. அடுத்த இரண்டு மணி நேரம் 15.60 வீதம் 31.20 யூரோ. ஆக வாரத்துக்கு 88.40. பன்னிரண்டு வாரம் விட்டுப் போயிருந்தால் 1,060 யூரோ 80 சென்ட். இந்த ஒற்றைத் தொகையோடும், நாள்வாரியாக வந்த நேரம், போன நேரம், சாப்பிட உட்கார்ந்த நேரம் எழுதிய ஒரு பட்டியலோடும்தான் பேசப் போக வேண்டும். சாப்பாட்டு நேரத்தைக் கழித்தே எழுத வேண்டும். ஒரு நாள் கூட்டி எழுதியது பிடிபட்டால் மற்ற நாட்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இனிப் பேச்சு. நேரில் முடிந்தால் நேரில், முதலாளி வேறு கிளையில் இருந்தால் போனில். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்து இரவுக் கூட்டம் தொடங்குவதற்கு முன், மாலை நான்கு மணி வாக்கில் கேட்டால் காது கொடுப்பார்கள். பகல் பன்னிரண்டரைக்குக் கேட்கும் எந்தக் கேள்விக்கும் அங்கே ‘இல்லை’ என்பதுதான் பதில். பேச்சின் பலம், அது முதலாளிக்குப் பின்வாங்க இடம் கொடுப்பதில் இருக்கிறது. கணக்காளர் பார்க்கவில்லை, அட்டவணை சேரவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த மாதமே பணத்தைப் போட்டுவிடலாம். எழுத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அந்த வழி அவ்வளவு எளிதாகத் திறக்காது.

அதன் பலவீனமும் தெரிந்ததே. பேச்சு காற்றோடு போய்விடும். பிரெஞ்சு முழுதாக வராதவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: அவசரத்தில் சொல்லப்படும் ‘வுய், வுய், பார்க்கலாம்’ என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மூன்று மாதம் காத்திருப்பார். இதற்குப் பயந்து பலர் ரகசியமாக ரெக்கார்ட் செய்கிறார்கள். ஒருவர் தனிப்பட்ட முறையில் பேசுவதை அவர் அனுமதியின்றிப் பதிவு செய்வது அங்கே ஓராண்டுச் சிறையும் 45,000 யூரோ அபராதமும் வரை போகக்கூடிய குற்றம். 2023 டிசம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வு, அப்படிப்பட்ட பதிவையும் உரிமையியல் வழக்கில் சில சமயம் ஏற்கலாம் என்று வழிவிட்டது உண்மைதான். ஆனால், வேறு வழியில் நிரூபிக்கவே முடியாது என்ற நிலை இருக்க வேண்டும். வேலை நேரத்துக்கு அட்டவணையும் செய்திகளும் இருக்கும்போது அந்த வாதம் நிற்பது கடினம். ரெக்கார்டர் வேண்டாம்.

அதன் வேலையை அன்றிரவு எழுதும் மின்னஞ்சல் செய்யும். அதில் கோபம் வேண்டாம், சட்டப் பிரிவு வேண்டாம், ஆறேழு வரி போதும்:

‘வணக்கம். இன்று மாலை 4 மணிக்கு நாம் பேசியதைத் தொடர்ந்து எழுதுகிறேன். மார்ச் 3 முதல் மே 25 வரையிலான 12 வாரங்களில் நான் செய்த 72 மணி நேரக் கூடுதல் வேலை சம்பளச் சீட்டுகளில் இல்லை என்று சொன்னேன். கணக்காளரிடம் கேட்டு ஜூன் சம்பளத்தோடு சேர்ப்பதாகச் சொன்னீர்கள். நாள்வாரிப் பட்டியலை இணைத்திருக்கிறேன். நான் ஏதேனும் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் தெரிவிக்கவும்.’

அந்தக் கடைசி வரி மிக அவசியம். அது பணிவாகவும் இருக்கிறது, மறுக்க ஒரு வாய்ப்பையும் கொடுக்கிறது. அந்த வாய்ப்பை அவர் பயன்படுத்தாவிட்டால் பிறகு ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்பதில் வலு குறையும். பெறுநர் முதலாளி மட்டுமே, முதல் மின்னஞ்சலில் யாருக்கும் நகல் போக வேண்டாம். சமையலறையில் நீ, நான் என்று பேசிப் பழகியவரிடம் எழுத்திலும் அப்படியே எழுதலாம். நேற்றுவரை நீ என்றவர் திடீரென்று நீங்கள் என்று மாறினாலே அங்கே உறவு முறிந்ததாகத் தோன்றும்.

இந்த ஆறு வரியும் ஒரு பட்டியலும் ஏன் இவ்வளவு பெறும் என்றால், பிரெஞ்சுச் சட்டம் தொழிலாளியிடம் முழு நிரூபணத்தைக் கேட்பதில்லை. முதலாளி பதில் சொல்லக்கூடிய அளவுக்குத் துல்லியமான விவரம் தந்தால் போதும், பிறகு வேலை நேரத்தைக் கண்காணிக்கும் கடமை உள்ள முதலாளி தன் பதிவுகளைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 18 அன்று தெளிவாக்கியது. கையால் எழுதிய பட்டியல்கூடச் செல்லும். ஆனால், ‘நிறைய நேரம் வேலை வாங்கினார்கள்’ என்ற பொதுவான புகார் செல்லாது.

மின்னஞ்சலுக்கு இரண்டு வாரமாகியும் பதில் இல்லை, அடுத்த சம்பளச் சீட்டிலும் மாற்றம் இல்லை என்றால் அடுத்த படி தபால் அலுவலகம். ஒப்புகைச் சீட்டோடு கூடிய பதிவுத் தபாலை அங்கே எல்லோரும் மதிப்பார்கள், ஏனென்றால் மின்னஞ்சல் போய்ச் சேரவில்லை என்று சொல்லலாம், கையெழுத்திட்டு வாங்கிய கடிதத்தை அப்படிச் சொல்ல முடியாது. இதிலும் ஒரு தப்பெண்ணம் பரவலாக இருக்கிறது. பதிவுத் தபால் அனுப்பிவிட்டால் காலக்கெடு நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். நிற்காது. சம்பளப் பாக்கியைக் கேட்கும் உரிமைக்கு மூன்றாண்டுக் கெடு ஓடிக்கொண்டே இருக்கும், ப்ருதோம் எனப்படும் தொழிலாளர் நீதிமன்றத்தில் மனு போட்டால்தான் நிற்கும். அங்கே வக்கீல் இல்லாமலே போகலாம். செ.ஜெ.தே., செ.எஃப்.தே.தே. போன்ற தொழிற்சங்கங்களிலும் உதவி கேட்கலாம்.

பேச்சில் தொடங்கக் கூடாத இடங்களும் உண்டு. திரும்பத் திரும்ப அவமதிப்பவரிடமே போய் ‘ஏன் இப்படிச் செய்கிறீர்கள்’ என்று போனில் கேட்பதில் பயன் இல்லை, அடியும் மிஞ்சலாம். அங்கே முதல் அசைவே எழுத்து, அதுவும் அவருக்கு மேலே இருப்பவருக்கு: எந்தத் தேதி, எந்த வார்த்தை, யார் அருகில் இருந்தார்கள். தொந்தரவைப் பற்றி நல்லெண்ணத்தோடு புகார் சொன்னவரை அதற்காகவே தண்டிப்பதைச் சட்டம் தடுக்கிறது. அந்தப் பாதுகாப்பைப் பின்னர் கோர, புகார் எந்த நாளில் சொல்லப்பட்டது என்று காட்ட முடிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று இதைவிட அவசரமானது. ஓவர்டைம் கேட்ட மறுநாள் போன் வருகிறது: ‘நாளைக்கு வராதே.’ எழுத்தில் எதுவும் இல்லை. பலர் மனம் நொந்து வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். 2023 ஏப்ரல் முதல், சொல்லாமல் வேலைக்கு வராமல் போனவருக்கு முதலாளி எச்சரிக்கைக் கடிதம் அனுப்பி, குறைந்தது 15 நாள் கெடு கொடுத்து, அதற்குள் திரும்பாவிட்டால் அவர் தாமாகவே ராஜினாமா செய்ததாகக் கருத வழி வந்திருக்கிறது. ராஜினாமா என்றாகிவிட்டால் வேலையின்மைப் படியும் பொதுவாகக் கிடைக்காது. ஆகவே அந்த போனை வைத்த கையோடு மின்னஞ்சல் போக வேண்டும், மறுநாள் காலை அதே வாசகம் பதிவுத் தபாலில் போக வேண்டும்: இன்ன மணிக்கு போனில் வர வேண்டாம் என்றீர்கள், நான் ராஜினாமா செய்யவில்லை, வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன், என் அட்டவணையை எழுத்தில் அனுப்புங்கள்.