அடிக்கடி விழுந்த ‘எம்.சி.பி.’யும் அதற்குச் செய்த தவறான வைத்தியமும்

காலை ஆறரை மணி. படுக்கையறையில் ஏ.சி. ஓடுகிறது, ஒட்டியிருக்கும் குளியலறையில் கீசர் போட்டாயிற்று, பள்ளிச் சீருடைக்கு அயர்ன் பாக்ஸும் சூடாகிறது. நாலைந்து நிமிடத்தில் ‘டப்’பென்று எம்.சி.பி. விழுகிறது. பத்து நாள் இதே கதை நடந்தபின் எலெக்ட்ரீஷியன் வருகிறார். “பதினாறு ஆம்ப் பத்தலைங்க. முப்பத்திரண்டு போட்டுட்டா விழாது” என்கிறார். போட்டதும் விழுவது நின்றுவிடுகிறது. உண்மையான ஆபத்து அன்றிலிருந்துதான் தொடங்குகிறது.

பழைய வீடுகளில் ஏ.சி.யைப் பிறகு சேர்க்கும்போது நடப்பது பெரும்பாலும் இதுதான். கீசருக்கென்று இழுத்த ஒரே லைனில் ஏ.சி.யையும் கோத்துவிடுகிறார்கள்.

இந்த லைனின் பளுவைக் கணக்கிட ஒரு வகுத்தல் போதும். கருவியின் வாட்ஸை 230 வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வரும். 3000 வாட்ஸ் கீசருக்கு 13 ஆம்பியர், 1600 வாட்ஸ் இழுக்கும் ஒன்றரை டன் ஏ.சி.க்குச் சுமார் 7, 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸுக்கு 4.3. மூன்றும் சேர்ந்தால் 24 ஆம்பியரைத் தாண்டுகிறது. சுவருக்குள் பைப்பில் ஓடும் ‘இரண்டரை ஸ்கொயர்’ செம்பு வயர் தாங்குவதோ ஏறக்குறைய 20 ஆம்பியர். பதினாறு ஆம்ப் எம்.சி.பி. விழுந்தது கோளாறினால் அல்ல. அது தன் வேலையைச் செய்தது.

எம்.சி.பி. காப்பது கீசரையோ ஏ.சி.யையோ அல்ல, சுவருக்குள் இருக்கும் வயரை. வயரில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். 20 ஆம்பியருக்கான வயரில் 24 ஓடினால் சூடு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். அதற்கு மேல் நாள்பட இளகி, பொறுங்கி, விரிசல் விடும். முப்பத்திரண்டு ஆம்ப் எம்.சி.பி.க்கு 24 ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை. ஸ்விட்ச் போர்டு தொட்டால் சுடுவது, பிளக் துளையைச் சுற்றிப் பழுப்பேறுவது, மீன் வாடைபோல ஒரு நாற்றம் வருவது ஆகியவைதான் அப்போது எச்சரிக்கை.

ஆகவே பளுவை விட எம்.சி.பி. பெரிதாகவும், எம்.சி.பி.யை விட வயரின் தாங்குதிறன் பெரிதாகவும் இருக்க வேண்டும். இந்த வீட்டுக்கு அதன்படி டி.பி. பாக்ஸிலிருந்தே லைன்களைப் பிரிக்க வேண்டும். கீசருக்குத் தனி இரண்டரை வயர், பதினாறு ஆம்ப். ஏ.சி.க்குத் தனியாக நாலு ஸ்கொயர் வயர், இருபது ஆம்ப். கம்ப்ரஸர் கிளம்பும்போது ஒரு கணம் பல மடங்கு மின்சாரம் இழுக்கும் என்பதால் அந்த எம்.சி.பி. ‘சி’ வகையாக இருக்க வேண்டும். அயர்ன் பாக்ஸுக்கு வேறு பவர் பிளக் லைன். விளக்கும் ஃபேனும் ஒன்றரை வயரில், ஆறு அல்லது பத்து ஆம்பில். ஒரு விளக்கு லைனில் பத்து பாயிண்ட், 800 வாட்ஸுக்கு மேல் ஏற்றாமலிருப்பது இங்கே நெடுங்காலமாக உள்ள முறை.

இவ்வளவு செய்தும் ஒரு ஓட்டை மிச்சமிருக்கிறது. கீசரின் ஹீட்டர் காயில் உறை வெடித்து, மின்சாரம் இரும்புத் தொட்டியில் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எர்த் வயர் அதை மண்ணுக்குக் கொண்டுபோகும். ஆனால் வீட்டு எர்த் குழி கோடையில் காய்ந்து, வழியிலுள்ள மொத்தத் தடை 15 ஓம் ஆகியிருந்தால், 230-ஐ 15-ஆல் வகுக்க, ஓடுவது 15 ஆம்பியர்தான். பதினாறு ஆம்ப் எம்.சி.பி. அசையாது. தொட்டியில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். நனைந்த கையோடு குழாயைத் திறப்பவருக்கு அது உயிராபத்து.

இந்த இடத்துக்காகவே ஆர்.சி.சி.பி. இருக்கிறது. ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று மட்டும் அது பார்க்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். எர்த் சரியாக இருந்தால், கசிவு தொடங்கிய உடனே, யாரும் தொடுவதற்கு முன்பே விழும். எர்த் இல்லாவிட்டால் கசிவுக்கு வழியே இல்லை. ஓர் ஆள் தொட்ட பிறகுதான் விழும். அதனால் ஒன்று இருக்கிறதே என்று மற்றதை விட முடியாது. எர்த் குழியைக் கோடையில் ஈரமாக வைத்திருப்பதும், ஆண்டுக்கு ஒருமுறை எர்த் டெஸ்டர் வைத்துப் பார்ப்பதும் அவசியம். எர்த் பின்னை நியூட்ரலோடு கோப்பதைச் சிலர் செய்கிறார்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால், கருவியின் உடம்பு முழுவதும் ஃபேஸாகிவிடும்.

ஆர்.சி.சி.பி.யின் முகப்பில் ‘டி’ என்ற சிறு பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை, மின்சாரம் இருக்கும்போது அதை அழுத்த வேண்டும். சட்டென்று விழுந்தால் நல்லது. விழவில்லையென்றால் அன்றே உரிமம் பெற்ற வயர்மேனை அழைத்து மாற்றிவிட வேண்டும். அதுவரை கீசரைப் போடக் கூடாது.