ரிசீவரை வைத்தால் அழைப்பு முடிந்துவிடுமா?

சந்தேகமான அழைப்பு வந்தால் உடனே வைத்துவிட்டு, அந்த வங்கியின் அல்லது அலுவலகத்தின் உண்மையான இலக்கத்துக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரியான அறிவுரைதான். ஆனால் அதில் ஒரு சொல் விடுபட்டுப் போகிறது. வைத்த கையோடு எடுக்கக்கூடாது, பொறுத்துத்தான் எடுக்கவேண்டும். ஏன் பொறுக்கவேண்டும் என்று திருகோணமலையில் நான் கேட்ட பலருக்குத் தெரியவில்லை.

காரணம் லண்டனில் நடந்த மோசடிகளில் தெளிவாகத் தெரிந்தது. இங்கிருந்து போய் ஈஸ்ட்ஹாமில் இருக்கும் என் பெரியம்மாவும் 2013 இல் அதில் அகப்பட்டார். வீட்டுத் தொலைபேசிக்கு ஒருவர் அழைத்து, தான் பொலிஸ் என்றும், பெரியம்மாவின் வங்கி அட்டையை யாரோ கடையில் பாவிக்கிறார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். பெரியம்மா லேசில் நம்புகிற ஆள் இல்லை. "நீங்கள் பொலிஸ் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார். அந்த மனிதர் கொஞ்சமும் கோபிக்கவில்லை. "நல்ல கேள்வி அம்மா. வைத்துவிட்டு உங்கள் அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் இலக்கத்துக்கு நீங்களே எடுத்துக் கேளுங்கள்" என்றார்.

பெரியம்மா வைத்தார், எடுத்தார், டயல் ரோன் கேட்டது, அட்டையைப் பார்த்து ஒவ்வொரு இலக்கமாக அழுத்தினார். மணி அடித்தது. வங்கியின் பெயரைச் சொல்லி ஒரு பெண் பேசினார். அட்டையை மாற்றவேண்டும், இரகசிய இலக்கத்தைத் தொலைபேசியில் அழுத்துங்கள், அட்டையை எடுக்க ஆள் வருவார் என்றார். ஒரு மணித்தியாலத்தில் ஒருவர் வாசலுக்கு வந்து உறையில் வாங்கிக்கொண்டு போனார். அன்றிரவே கணக்கில் இருந்த பணம் போய்விட்டது.

பெரியம்மா அழுத்திய இலக்கம் சரிதான். ஆனால் அந்த அழைப்பு வங்கிக்குப் போகவே இல்லை. பழைய செப்புக்கம்பி இணைப்புகளில் அழைப்பை எடுத்தவர் அழைத்தவர்தான், கட்டணமும் அவருக்குத்தான், ஆகவே அதை முடிக்கும் அதிகாரமும் முதலில் அவரிடமே இருந்தது. நீங்கள் ரிசீவரை வைத்தாலும், எதிர்ப்பக்கம் வைக்காவிட்டால் எக்ஸ்சேஞ்ச் இணைப்பைச் சிறிது நேரம் பிடித்து வைத்திருக்கும். இது பிழையல்ல, வசதிக்காகச் செய்தது. விறாந்தையில் இருக்கும் தொலைபேசியை வைத்துவிட்டு அறையில் இருக்கும் தொலைபேசியை எடுத்துத் தொடர்ந்து பேசலாம். பிரித்தானியாவில் அந்த நேரம் நிமிடக் கணக்கில் இருந்தது.

மோசடிக்காரர் செய்தது, வைக்காமல் காத்திருந்ததுதான். பெரியம்மா கேட்ட டயல் ரோன் அவர்கள் ஒலிபரப்பிய பதிவு. மணிச்சத்தமும் அப்படியே. பேசிய பெண் முதல் ஆளுக்குப் பக்கத்தில் இருந்தவர். விசைகளை அழுத்தும்போது எழும் ஓசைகூட அவர்களுக்கே கேட்டது. இரகசிய இலக்கத்தை வாயால் சொல்லாமல் அழுத்தச் சொன்னதன் கெட்டித்தனம் அங்கேதான் இருக்கிறது: வாயால் சொல்லத் தயங்குபவரும் அழுத்திவிடுவார், ஓசையில் இருந்து இலக்கத்தை எடுத்துவிடலாம்.

இப்படியான முறைப்பாடுகள் பெருகியதால் பிரித்தானியாவின் நிதிக் குறைகேள் அமைப்பு 2015 இல் இதைப்பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. அதற்கு முன்னரே தொலைபேசி நிறுவனங்கள் பிடித்துவைக்கும் நேரத்தைச் சில வினாடிகளாகக் குறைக்கத் தொடங்கியிருந்தன. ஆனாலும் ஐந்து நிமிடம் பொறுங்கள் அல்லது வேறு தொலைபேசியில் எடுங்கள் என்ற அறிவுரை அங்கே இன்றும் நிற்கிறது.

எங்கள் வீடுகளில் 026 என்று தொடங்கும் இணைப்பு சிலருக்குச் செப்புக்கம்பியில், சிலருக்கு ஃபைபரில், சிலருக்கு வயரே இல்லாத பெட்டியில் வருகிறது. எது எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்கும் என்பதை நீங்களே பார்த்துவிடலாம். மகனையோ மருமகளையோ கைத்தொலைபேசியில் இருந்து வீட்டு இலக்கத்துக்கு அழைக்கச் சொல்லுங்கள். எடுத்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு ரிசீவரை வையுங்கள். அவர்கள் வைக்கக்கூடாது. பத்து எண்ணிவிட்டு எடுங்கள். அவர்களின் குரல் இன்னும் கேட்டால் உங்கள் இணைப்பு பிடித்து வைத்திருக்கிற இணைப்பு. பிறகு முப்பது, அறுபது என்று கூட்டிப் பாருங்கள்.

சந்தேகம் இருக்கும்போது இன்னொரு வழியும் உண்டு. வங்கிக்கு எடுக்கமுன் அதே தொலைபேசியில் தங்கச்சிக்கோ பக்கத்து வீட்டுக்கோ எடுங்கள். தெரிந்த குரல் வந்தால் இணைப்பு விடுபட்டுவிட்டது. வேறு யாரும் "வங்கி" என்று பேசினால் விஷயம் விளங்கிவிடும்.

கைத்தொலைபேசியில் இந்தத் தந்திரம் செல்லாது. சிவப்புப் பொத்தானை யார் அழுத்தினாலும் அழைப்பு முடிந்துவிடும். அங்கே வேறு பொறி இருக்கிறது: பேசும்போதே நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஓர் இலக்கத்தை அழுத்தச் சொல்வார்கள். அது உங்களுக்கு வரும் அழைப்புகளை அவர்களின் இலக்கத்துக்குத் திருப்பிவிடும். உண்மையான வங்கி திரும்ப அழைத்தால் அவர்களே எடுப்பார்கள். அப்படி அழுத்திவிட்டதாகச் சந்தேகம் இருந்தால், எல்லாத் திருப்புதலையும் நீக்க இதை அழுத்தி அழைப்புப் பொத்தானைத் தட்டுங்கள்:

```
##002#
```

திரையில் தெரியும் இலக்கத்தை நம்பவேண்டாம். அதை மாற்றிக் காட்ட முடியும். அழைத்தவர் சொன்ன இலக்கம், அவர் அனுப்பிய குறுஞ்செய்தியில் உள்ள இலக்கம் எதுவும் வேண்டாம். பாஸ்புக்கில், அட்டையின் பின்பக்கத்தில், பழைய பற்றுச்சீட்டில் அச்சடித்திருப்பதே உங்கள் இலக்கம்.

பணம் பற்றிய அழைப்பென்றால் இவ்வளவும் போதும். எங்களுக்கு வரும் அழைப்புகளில் மற்றொரு வகையும் உண்டு. "உங்கட பெடியனைப் பிடிச்சிருக்கிறம்" என்று ஒரு குரல். இதைப் பொய்யென்று ஒதுக்கிவிடுங்கள் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்ல என்னால் முடியாது. 2008, 2009 இல் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் கடத்தப்பட்ட பதினொரு பேரின் வழக்கில், அவர்கள் அடைத்துவைக்கப்பட்ட இடங்களில் ஒன்றாகச் சொல்லப்படுவது எங்கள் துறைமுகத்துக் கடற்படைத் தளத்தின் 'கன்சைட்'. கப்பம் கேட்டதும் அந்த வழக்கில் உள்ள குற்றச்சாட்டுத்தான். குரல் கேட்டவுடன் தாய்மார் காப்பை அடகு வைக்க ஓடுவது அறியாமையால் அல்ல.

ஆகையால் இப்படி வைத்துக்கொள்வோம். இரவு ஒன்பது மணிக்கு அழைப்பு வருகிறது: மகன் வெள்ளவத்தையில் கைது, நான் பொலிஸ், ஒரு மணித்தியாலத்தில் இரண்டு இலட்சம் அனுப்பினால் வழக்குப் போடாமல் விடுவோம், வைக்கவேண்டாம். அந்த "வைக்கவேண்டாம்" தான் முக்கியமான அடையாளம். நீங்கள் மகனுக்கு எடுத்துப் பார்த்துவிடக்கூடாது என்பதே அதன் பொருள். எந்த நிலையம், அழைப்பவரின் பெயர், பதவி என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டு வையுங்கள். ஐந்து நிமிடம் பொறுங்கள், அல்லது வேறு தொலைபேசியை எடுங்கள். முதலில் மகனுக்கு. அவர் எடுக்காவிட்டால் அவருடன் தங்கியிருப்பவருக்கு. அதன்பின் 119 க்கு எடுத்து, அவர்கள் சொன்ன நிலையத்தின் இலக்கத்தை வாங்கி அங்கே நேரே கேளுங்கள்.

பயங்கரவாதத் தடைச்சட்டத்தில் கைது என்று சொன்னால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். திருகோணமலையிலும் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் ஒருவரைக் கைது செய்தால் பிந்தினாலும் 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கவேண்டும் என்பது சட்டம். ஆனால் முதல் இரண்டு நாளில் "எங்களுக்குத் தகவல் இல்லை" என்ற பதில் வந்தால், கைதே நடக்கவில்லை என்று முடிவெடுக்கவேண்டாம். அறிவித்தல் இன்னும் வராமலும் இருக்கலாம். உங்கள் முறைப்பாட்டை அப்போதே பதிந்து, பதிவிலக்கத்தை வாங்கிக்கொண்டு, மறுநாளும் எடுங்கள்.

இடையில் அந்தக் குரல் திரும்பத் திரும்ப அழைக்கும். எடுக்கவேண்டாம். உண்மையான பொலிஸ் நிலையம் ஐந்து நிமிடத்தில் இடம் மாறிவிடாது.