லீவு லெட்டரில் நாலு வரி

தங்கை கல்யாணத்துக்கு 9 முதல் 14-ஆம் தேதி வரை லீவு வேண்டும். பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகிய நடையிலேயே 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்து அனுப்புகிறோம். கல்யாணத்துக்குப் போகாதே என்று எந்த மேனேஜரும் சொல்லமாட்டார். அவர் கண் போய் நிற்பது தேதியில்தான்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் நீங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சென்ற மாத விற்பனையைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்துக்கு 11-ஆம் தேதி கடைசி நாள். அதைத் தவறவிட்டால், 14-ஆம் தேதி தயாராகும் பட்டியலில் உங்கள் பில்கள் வராது. சரக்கு வாங்கியவர்களால் அந்த மாதம் வரி வரவு எடுக்க முடியாது. அவர்கள் மேனேஜருக்குத்தான் போன் போடுவார்கள். 15-ஆம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்ட வேண்டும். இதெல்லாம் மனதில் ஓடும்போது அவர் 'பார்க்கலாம்' என்று தள்ளிப்போடுவதில் வியப்பில்லை.

ஆகவே காரணத்துக்குக் கீழே இப்படி எழுதுங்கள்: "ஜி.எஸ்.டி.ஆர்-1-ஐ 8-ஆம் தேதியே தாக்கல் செய்துவிடுகிறேன். பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான்களும் அன்றே தயாராகிவிடும். 13-ஆம் தேதி பணம் கட்டுவதை மட்டும் செல்வி பார்த்துக்கொள்வார், அவரிடம் பேசிவிட்டேன். சப்ளையர் பில்களை 15-ஆம் தேதி வந்து பதிவு செய்கிறேன். அவசரமென்றால் மாலை 4 மணிக்கு மேல் கூப்பிடலாம். 12-ஆம் தேதி முகூர்த்தம், அன்று மட்டும் போன் எடுக்க இயலாது."

முடித்துவிட்டுப் போவது எது, இன்னொருவர் கையில் தருவது எது, காத்திருக்கக்கூடியது எது என்று மூன்றும் இதில் பிரிந்துவிட்டன. இதற்கு மேல் நீட்ட வேண்டாம். ஒரு பக்கத்துக்குப் பட்டியல் போட்டால், இவர் இல்லாமல் ஆபீஸே ஓடாது போலிருக்கிறதே என்று மேனேஜர் மிரண்டுவிடுவார்.

'சக ஊழியர்கள் கவனித்துக்கொள்வார்கள்' என்ற பொதுவான வரியால் பயனில்லை. பெயர் வேண்டும், அந்தப் பெயருக்கு உரியவரிடம் முன்பே கேட்டிருக்கவும் வேண்டும். செல்வியும் அதே வாரம் திருச்செந்தூர் கிளம்புகிறார் என்பது மேனேஜருக்குத் தெரிந்திருந்தால் உங்கள் திட்டம் அங்கேயே கவிழும்.

பலர் மறப்பது ஓ.டி.பி. பல ஆபீஸ்களில் இணையதளத்தில் பதிவான கைபேசி எண் கணக்கருடையதாகவே இருக்கும். செல்வி 13-ஆம் தேதி உள்ளே நுழைய முயலும்போது ஓ.டி.பி. கல்யாண மண்டபத்தில் உங்கள் சட்டைப்பையில் ஒலிக்கும். கிளம்புவதற்கு முன்பே ஒருமுறை அவரையே உள்ளே நுழையச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். பாஸ்வேர்டை மட்டும் விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். அது எத்தனை பேருக்கு ஃபார்வர்ட் ஆகும் என்று சொல்ல முடியாது.

இதெல்லாம் முன்கூட்டியே தெரிந்த லீவுக்குத்தான். திடீர்க் காய்ச்சலுக்கும் வீட்டில் துக்கத்துக்கும் ஒரு வரிச் செய்தி போதும். அந்த நேரத்திலும் திட்டம் கேட்கும் மேனேஜர் செய்வது அநியாயம்.