பாம்பு கடிச்சவருக்கு உடனே ஊசி போடாமல், டியூபில் ரத்தத்தை வைத்து 20 நிமிடம் காத்திருப்பது ஏன்?

தேனி மாவட்டத்தில் பாம்புக்கடியோடு அரசு மருத்துவமனைக்கு ஓடிவரும் குடும்பங்கள் பதறிப்போய் கேட்கிற கேள்வி இது: "கடிச்சு ஒரு மணி நேரம் ஆச்சு. இன்னும் விஷமுறிவு ஊசி போடாம, கொஞ்சம் ரத்தத்தை டியூப்ல எடுத்து வச்சுக்கிட்டு கடிகாரத்தைப் பார்த்துட்டு நிக்குறாங்களே, ஏன்?"

கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்த 20 நிமிடம் வீணாகப் போகிற நேரம் இல்லை. அது என்ன பரிசோதனை, அதற்குள் என்ன நடக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

விஷம் ரத்தத்தை என்ன செய்கிறது?

கம்பம் பள்ளத்தாக்கின் நெல் வயல், வாழை, திராட்சைத் தோட்டங்களில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்துக்கு கண்ணாடி விரியன் வரும். வறண்ட மேட்டு நிலங்களில் சுருட்டை விரியன் இருக்கும். இந்த இரண்டின் விஷமும் ரத்தம் உறைவதைத்தான் குறிவைக்கிறது.

கையில் அரிவாள் பட்டால் ரத்தம் சில நிமிடங்களில் உறைந்துவிடும். உறைதல் காரணிகள் எனப்படும் புரதங்கள் ஒன்றை ஒன்று தூண்டிவிட, கடைசியில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் நூல் நூலாகத் திரிந்து, வலை மாதிரி காயத்தை அடைக்கும்.

கண்ணாடி விரியன் விஷம் இந்த வேலையைத் தடுப்பதில்லை. மாறாக, காயமே இல்லாத இடத்திலும் முடுக்கிவிடுகிறது. 10-வது காரணியையும் 5-வது காரணியையும் அது நேரடியாகத் தூண்டும். சுருட்டை விரியன் விஷம் இன்னும் ஒரு படி கீழே போய் புரோத்ராம்பினையே தூண்டிவிடும். 1934-ல் மக்ஃபார்லேன், பார்னெட் என்ற இரண்டு ஆங்கிலேய மருத்துவர்கள், ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகளின் ரத்தக்கசிவை நிறுத்த, நீர்த்த கண்ணாடி விரியன் விஷத்தைக் காயத்தின் மேல் வைத்துப் பார்த்தார்கள். அந்த அளவுக்கு அது ரத்தத்தை உறைய வைக்கக்கூடியது.

அப்படியானால் கடிபட்டவருக்கு ஏன் ரத்தம் நிற்காமல் கசிகிறது? உடல் முழுக்க தேவையில்லாமல் உறைதல் நடந்து, இருப்பில் இருந்த ஃபைப்ரினோஜன் மொத்தமும் செலவாகிவிடுவதால்தான். தேவையில்லாத இடத்தில் மடையைத் திறந்துவிட்டு குளத்தைக் காலி செய்வது மாதிரி. விஷம் ரத்தக் குழாய்ச் சுவரையும் அரிப்பதால் ஈறு, சிறுநீர், சில சமயம் மூளையிலும் கசிவு வரலாம்.

20 நிமிட பரிசோதனை எப்படி?

நரம்பிலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்து, புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விடுவார்கள். அதை அசைக்காமல் அறை வெப்பத்தில் 20 நிமிடம் நிறுத்தி வைப்பார்கள். பிறகு ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்ப்பார்கள். ரத்தம் கட்டியாக நின்றால் உறைகிறது என்று அர்த்தம். தண்ணீர் மாதிரி ஓடினால், ஃபைப்ரினோஜன் தீர்ந்துபோய்விட்டது, விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். கண்ணாடியின் பரப்புதான் உறைதலைத் தொடங்கி வைக்கிறது. பிளாஸ்டிக் குழாய், சோப்புப் போட்டுக் கழுவிய குழாய், ஈரமான குழாய் ஆகியவற்றில் நல்ல ரத்தமே உறையாமல் போகலாம். 10 நிமிடத்திலேயே எடுத்து ஆட்டிப் பார்த்தாலும் முடிவு தப்பாகும். குழாய் மேல் சந்தேகம் வந்தால், கூட வந்த உறவினரின் ரத்தத்தையும் இன்னொரு குழாயில் வைத்துப் பார்ப்பார்கள். அதுவும் உறையவில்லை என்றால் கோளாறு குழாயில்தான்.

எல்லாருக்கும் ஊசி போட்டால் என்ன?

விஷமில்லாத பாம்பு கடித்திருக்கலாம். விரியன் கடித்தும் விஷம் இறங்காமல் இருக்கலாம். ஆனால் விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து தயாராவது. சிலருக்கு அதனால் கடுமையான ஒவ்வாமை வந்து ரத்த அழுத்தம் சரிந்துவிடும். அதனால்தான் அட்ரினலின் ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மருந்தை ஏற்றுகிறார்கள். தேவைப்படாதவருக்கு அந்த ஆபத்தைக் கொடுக்கக் கூடாது.

ஒரு உதாரணம்

கம்பம் அருகே வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போன ஒருவருக்கு இரவு 7 மணிக்கு காலில் கடி என்று வைத்துக்கொள்வோம். 7.45-க்கு மருத்துவமனையில் ரத்தம் குழாயில் வைக்கப்படுகிறது. 8.05-க்கு சாய்த்தால் தண்ணீராக ஓடுகிறது. 8.10-க்கு 10 குப்பி மருந்து சலைனில் கலந்து ஒரு மணி நேரத்தில் ஏற்றப்படுகிறது.

ஏன் 10 குப்பி? ஒரு கண்ணாடி விரியன் சராசரியாக 60 மில்லிகிராமுக்குச் சற்றுக் கூடுதலான விஷத்தை வெளியேற்றும். 10 மில்லி கொண்ட ஒரு குப்பி 6 மில்லிகிராமை முறிக்கும். கடிபட்டது குழந்தையாக இருந்தாலும் இதே அளவுதான். பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லையே!

9.30 மணிக்கு உறவினர் கேட்பார்: "மருந்து ஏறியாச்சே, இப்ப டெஸ்ட் பண்ணிப் பாருங்க." மருத்துவர் மறுப்பார். விஷமுறிவு மருந்து ரத்தத்தை உறைய வைக்காது, விஷத்தை மட்டும்தான் கட்டிப்போடும். செலவான ஃபைப்ரினோஜனை கல்லீரல்தான் புதிதாகச் செய்ய வேண்டும். அதற்கு சுமார் 6 மணி நேரம் ஆகும். அதற்குள் சோதித்து, உறையவில்லை என்று மேலும் மருந்து ஏற்றுவதில் பயனில்லை.

அதிகாலை 2.10-க்கு மறுபடி சோதனை. இன்னும் உறையவில்லை. அப்படியானால் விஷம் மிச்சமிருக்கிறது, இன்னொரு 10 குப்பி. காலை 8.10-க்கு ரத்தம் கட்டியாக நிற்கிறது. மருந்து போதும். ஆனாலும் கடிவாயிலிருந்து விஷம் மெதுவாக இறங்கலாம் என்பதால் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை சோதனை தொடரும். வந்தவுடன் செய்த முதல் சோதனையில் ரத்தம் உறைந்துவிட்டாலும், இதே காரணத்தால் ஒரு நாள் வரை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள்.

இந்த சோதனை கைவிடும் இடங்கள்

நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்கும். ரத்தம் நன்றாக உறையும், ஆனால் இமை தொங்கும், மூச்சுத் திணறும். அங்கே குழாயைப் பார்த்து நிம்மதி அடைந்தால் உயிர் போய்விடும். அதேபோல ஈறில் ரத்தம் கசிகிறது, வீக்கம் வேகமாக ஏறுகிறது என்றால் 20 நிமிடம் காத்திருக்காமலேயே மருந்து தொடங்க வேண்டும்.

இன்னொன்று, மலைக்குப் போகிறவர்களுக்கு. கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு தினமும் ஜீப்பில் போய்வருகிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் மூக்கு நுனி மேல்நோக்கித் தூக்கிய சிறிய குழிவிரியன் ஒன்று உண்டு. அது கடித்தாலும் ரத்தம் உறையாமல் போகலாம். ஆனால் நம்மிடம் உள்ள விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் மட்டுமே. அதனால் எத்தனை குப்பி ஏற்றினாலும் குழாயில் ரத்தம் தண்ணீராகவே ஓடலாம். "எந்தத் தோட்டத்துல, எவ்வளவு உயரத்துல கடிச்சுது?" என்று மருத்துவர் கேட்பது இதற்காகத்தான்.

2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவித்தது. மருத்துவமனைகள் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். கடிபட்டவர் வீட்டார் செய்ய வேண்டியது: கடிவாயைக் கீறாதீர்கள், ஏனென்றால் ரத்தம் உறையாத உடம்பில் அந்தக் கீறல் நிற்காமல் கசியும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலை அசைக்காமல் நேராக மருத்துவமனைக்கு வாருங்கள்.