பெங்களூரா, சென்னையா?

கோவையில் ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்வோம். கணவருக்குப் பெங்களூரிலிருந்து ஆஃபர் லெட்டர் வருகிறது: சி.டி.சி. 15 லட்சம். அதே வாரம் மனைவிக்கு அவருடைய கம்பெனி சென்னையில் பதவி உயர்வு தருகிறது. கைக்கு 50,000 வந்த இடத்தில் இனி 70,000 வரும். கணவரின் இப்போதைய கம்பெனிக்கும் சென்னையில் கிளை உண்டு. மாற்றல் கேட்டால் அவருடைய 60,000 அப்படியே தொடரும்.

“பதினஞ்சு லட்சத்தை யாராவது வேண்டாம்பாங்களா?” என்கிறார் மாமனார்.

அந்தப் பதினைந்தைப் பிரித்துப் பார்க்கலாம். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,25,000 என்று மனம் கணக்குப் போட்டுவிடும். ஆனால் லெட்டரோடு வரும் சம்பள அட்டவணை வேறு கதை சொல்லும். அதில் ஒன்றரை லட்சம் ‘வேரியபிள் பே’. வருஷக் கடைசியில், வந்தால் உண்டு. அடிப்படைச் சம்பளம் பாதி என்றால், பி.எஃப்.புக்கு முதலாளி கட்டும் 12 சதவீதமும் ஊழியர் கட்டும் 12 சதவீதமும் இந்தப் பதினைந்துக்குள்ளிருந்தே போகும். கிராஜுவிட்டிக்கும் அதிலேயே ஒரு துண்டு. பி.எஃப். நம் சேமிப்புதான், ஆனால் அதைக் கொண்டு வாடகை கட்ட முடியாது. மாதம் கைக்கு வருவது சுமார் 94,000.

இனி வீட்டுக் கணக்கு. சென்னையில் இருவர் சம்பளமும் சேர்ந்து 1,30,000. வாடகை 25,000 போனால் மிச்சம் 1,05,000. பெங்களூரில் வாடகை 35,000 என்று வைத்தால், மனைவிக்கு வேலை கிடைக்கும்வரை கையில் நிற்பது 59,000தான். அவருக்குப் பழைய 50,000 சம்பளத்திலேயே வேலை கிடைத்துவிட்டால் 1,09,000. சென்னையைவிட 4,000 கூடுதல், அவ்வளவுதான். வேலை கிடைக்க ஆறு மாதம் ஆனால் இழப்பு 2,76,000. மாதம் நாலாயிரமாக அதை ஈடுகட்ட ஆறு வருஷத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு.

ஆக, முதலில் கேட்க வேண்டியது மனைவியின் துறையில் அந்த ஊரில் எத்தனை நாளில் வேலை கிடைக்கும் என்பதைத்தான். ஆஃபருக்குப் பதில் சொல்லும் முன்பே அவர் அங்கே இரண்டு இன்டர்வியூ போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

சலுகைகளில் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. சம்பளத்தோடு கூடிய 26 வார மகப்பேறு விடுப்பு வேண்டுமானால், எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் அதே நிறுவனத்தில் 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். குழந்தைக்குத் திட்டமிடும் நேரத்தில் வேலையை விட்டுவிட்டு ஊர் மாறினால் அந்த உரிமை கை நழுவலாம். அடிப்படைச் சம்பளம் 30,000 இருந்து, நாலு வருஷம் முடித்திருக்கும் நிரந்தர ஊழியர் என்றால், ஐந்தாவது வருஷத்தையும் முடித்தால் சுமார் 86,500 ரூபாய் கிராஜுவிட்டி உண்டு.

துணைக்காகத் தன் நஷ்டத்தோடு ஊர் மாறுபவரைப் பற்றிப் பொருளாதார அறிஞர் ஜேக்கப் மின்சர் 1978-லேயே எழுதினார். ஒருவருக்கு லாபமான இடம் இன்னொருவருக்கு நஷ்டமாகலாம், குடும்பம் இரண்டையும் கூட்டித்தான் பார்க்கும் என்பது அவர் வாதம். அவர் சொன்ன நஷ்டம் முதல் வருஷத்தோடு தீர்ந்துவிடுவதில்லை. இங்கே மனைவி விட்டுக்கொடுப்பது 20,000 ரூபாயை மட்டுமல்ல, மேனேஜர் பதவியையும். அடுத்த வேலைக்குப் போகும்போது சம்பளப் பேச்சு அந்தப் பதவியிலிருந்து தொடங்கியிருக்கும். பெங்களூரில் அது பழைய 50,000-லிருந்து தொடங்கும். கணவருக்கு அங்கே வருஷா வருஷம் நல்ல உயர்வு உறுதி என்றால் கணக்கு மாறும். அதனால் அவர் எச்.ஆருக்கு ஒரு மெயில் போட்டு, கடந்த மூன்று வருஷத்தில் தன் நிலையில் இருந்தவர்களுக்கு வேரியபிள் பே எத்தனை சதவீதம் கிடைத்தது என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார்.